லேப்டாப்ல பறக்குது, பிளேஸ்டேஷன்ல தவழுது... ஒரே வைஃபைல ஏன் இந்த ஓரவஞ்சனை?

வெள்ளிக்கிழமை ராத்திரி புது கேமை வாங்கிட்டு டவுன்லோடு போடுறீங்க. 48 ஜிபி. திரையில '17 மணி நேரம் மீதம்'னு காட்டுது. சந்தேகத்துல லேப்டாப்பைத் திறந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டா 90 எம்பிபிஎஸ் வருது. வீடும் ஒண்ணு, ரூட்டரும் ஒண்ணு, மாசம் கட்டுற பில்லும் ஒண்ணு. அப்புறம் கன்சோல்ல மட்டும் என்ன பிரச்னை?

இதுக்குப் பெரும்பாலும் மூணு இடத்துல ஒண்ணுதான் காரணமா இருக்கும். கன்சோல் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கிட்டு இருக்கலாம். கன்சோலுக்கும் ரூட்டருக்கும் நடுவுல அடைப்பு இருக்கலாம். இல்லைன்னா, கேம் வந்து சேர்ற சர்வர் ரொம்பத் தூரத்துல இருக்கலாம். எது உங்க வீட்டுப் பிரச்னைன்னு கண்டுபிடிக்காம ரூட்டரை மாத்தாதீங்க, பிளானையும் ஏத்தாதீங்க. 100-ல இருந்து 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் போயும் கன்சோல் அதே வேகத்துலயே நிக்கிற வீடுகள் நிறைய இருக்கு.

முதல்ல, சரியா அளந்து பாருங்க

ஸ்பீடு டெஸ்ட்ல வர்ற 90 என்பது மெகாபிட் கணக்கு. கேமோட சைஸ் மெகாபைட், ஜிகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். அதனால 90 எம்பிபிஎஸ் லைன்ல விநாடிக்கு அதிகபட்சம் 11 மெகாபைட்தான் இறங்கும். 48 ஜிபி கேம் இறங்க, எல்லாம் சரியா நடந்தாலும் ஒரு மணி நேரம் 10 நிமிஷம் ஆகும். கன்சோலும் ஏறக்குறைய அந்த நேரத்தைத்தான் காட்டுதுன்னா, பிரச்னையே இல்லை. இத்தோட நீங்க கிளம்பலாம்.

கன்சோல்லயே ஒரு நெட் டெஸ்ட் இருக்குமே, அதைப் பார்த்தா போதாதா? போதாது. ஒரு சில விநாடியில முடிஞ்சுபோற டெஸ்ட் அது. அடுத்தடுத்து மூணு தடவை போட்டா மூணு விதமா எண் வரும். 'மீதமுள்ள நேரம்' அதைவிட மோசம், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கிட்டே இருக்கும். நம்பகமான வழி ஒண்ணே ஒண்ணுதான். டவுன்லோடு பக்கத்துல இப்போ எத்தனை எம்பி இறங்கியிருக்குன்னு குறிச்சு வைங்க. போன்ல 10 நிமிஷத்துக்கு டைமர் போடுங்க. முடிஞ்சதும் திரும்பப் பாருங்க. அந்த 10 நிமிஷத்துல எத்தனை எம்பி கூடியிருக்கோ அதை 75-ஆல வகுத்தா, எம்பிபிஎஸ் கணக்குல உங்க நிஜமான வேகம் கிடைச்சிடும். 450 எம்பி இறங்கியிருந்தா 6 எம்பிபிஎஸ். 1,800 எம்பி இறங்கியிருந்தா 24.

கீழே சொல்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்புறம் இந்த 10 நிமிஷக் கணக்கைத் திரும்பப் போடுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. நாலையும் ஒண்ணா மாத்திட்டா, எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

லேப்டாப் பக்கமும் ஒப்பீடு நியாயமா இருக்கணும். ரூட்டர் பக்கத்துல உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுட்டு, ஹால்ல டிவிக்குப் பின்னாடி இருக்கிற கன்சோலைத் திட்டக் கூடாது. லேப்டாப்பைக் கொண்டுபோய் கன்சோல் இருக்கிற அதே இடத்துல வைங்க. ஸ்பீடு டெஸ்ட் பொதுவா பக்கத்துல இருக்கிற சர்வரைத் தேடிப் பிடிச்சு, ஒரே நேரத்துல பல இணைப்புகளைத் திறந்து அளக்கும். பெரிய ஃபைல் டவுன்லோடு ஆகிறதுக்கு அந்த ராஜ உபசாரம் எல்லாம் கிடையாது. அதனால லேப்டாப்லயும் 2 ஜிபிக்கு மேல இருக்கிற ஏதாவது ஒரு ஃபைலை இறக்கி, அந்த வேகத்தோடதான் ஒப்பிடணும்.

பின்னாடி தூங்குற கேம்

பிளேஸ்டேஷன் 4 வெச்சிருக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம் இதுதான். கேம் விளையாடிட்டு இருக்கும்போது நடுவுல பி.எஸ் பட்டனை அழுத்தி ஹோம் ஸ்கிரீனுக்கு வந்து புது டவுன்லோடு போடுவோம். கேமை மூடிட்டோம்னு நினைப்போம். ஆனா அது மூடலை, பின்னாடி அப்படியே நிக்குது. அது நிக்கிற வரைக்கும் கன்சோல் டவுன்லோடு வேகத்தை வேணும்னே குறைச்சு வைக்கும்.

இதைப் பலரும் சந்தேகப்பட்டாலும், ஆதாரத்தோட சொன்னவர் ஜூஹோ ஸ்னெல்மேன் என்ற நெட்வொர்க் புரோகிராமர். 2017-ல அவர் பி.எஸ் 4-க்குப் போற, வர்ற டேட்டா பாக்கெட்டுகளைப் பிடிச்சு அலசினார். ஏதாவது கேமோ ஆப்போ ஓடிக்கிட்டு இருந்தா, ஸ்டோர்ல இருந்து வர்ற டவுன்லோடுக்கான 'ரிசீவ் விண்டோ'வை கன்சோல் சுருக்கிடுதுன்னு கண்டுபிடிச்சு எழுதினார். கேம் சும்மா மெனுவுல நின்னாலும் இதே கதைதான்.

அது என்ன ரிசீவ் விண்டோ? சர்வர் டேட்டாவைக் கொட்டிக்கிட்டே இருக்காது. 'ஒரு தடவைக்கு இவ்வளவு அனுப்பு, கிடைச்சதுன்னு நான் சொன்ன பிறகு அடுத்ததை அனுப்பு'ன்னு வாங்குற பக்கம் ஒரு அளவு சொல்லும். அந்த அளவுதான் விண்டோ. வீட்டுக்கு வர்ற தண்ணி லாரியை நினைச்சுக்குங்க. லாரி எவ்வளவு வேகமா வந்தாலும், நீங்க ஒரே ஒரு குடத்தை மட்டும் நீட்டி, அதை உள்ளே கொண்டுபோய் ஊத்திட்டு வந்தாதான் அடுத்த குடம்னா, தொட்டி நிரம்ப விடிஞ்சிடும்.

இதுல தூரமும் சேர்ந்துக்கும். விண்டோ 64 கிலோபைட்னு வைங்க. சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப 80 மில்லிசெகண்ட் ஆகுதுன்னா, ஒரு விநாடியில பன்னிரண்டரை தடவைதான் போய் வர முடியும். ஆக, விநாடிக்கு 800 கிலோபைட். எம்பிபிஎஸ்ல சொன்னா ஆறு சொச்சம். அதே 64 கிலோபைட் விண்டோ, ஆனா சர்வர் 10 மில்லிசெகண்ட் தூரத்துல இருந்தா, விநாடிக்கு 100 தடவை போய் வரலாம். வேகம் 51 எம்பிபிஎஸ். இது ஒரே ஒரு இணைப்புக்கான கணக்கு. ஆனாலும், 'என் ஃபிரெண்டு வீட்ல கேம் ஓடும்போதே நல்லா இறங்குதே'ன்னு நீங்க கேட்டா, காரணம் இதுவா இருக்கலாம். அவர் வீட்டு நெட்டுக்கு சர்வர் பக்கத்துல மாட்டியிருக்கும்.

கன்சோல் ஏன் இப்படிச் செய்யுது? ஆன்லைன்ல விளையாடும்போது பின்னாடி ஓடுற டவுன்லோடு மொத்த லைனையும் தின்னுட்டா கேம் லேக் அடிக்கும். அதைத் தவிர்க்கத்தான். நோக்கம் நல்லதுதான். யாரும் விளையாடாம கேம் சும்மா நிக்கும்போதும் அதையே செய்யுறதுதான் எரிச்சல்.

தீர்வு சுலபம். பி.எஸ் 4-ல கேம் ஐகான் மேல நின்னு OPTIONS பட்டனை அழுத்தி Close Application கொடுங்க. பின்னாடி திறந்திருக்கிற வீடியோ ஆப்களையும் அதே மாதிரி மூடுங்க. பி.எஸ் 5-ல இதே வழியில Close Game வரும். எக்ஸ்பாக்ஸ்லயும் கேம் ஓடினா டவுன்லோடு வேகம் குறையும். ஆனா அது கொஞ்சம் நேர்மையான பிள்ளை. டவுன்லோடு வரிசையிலேயே Suspend my game-னு ஒரு பட்டன் வெச்சிருக்கு, அதை அழுத்தினா போதும்.

ராத்திரி முழுக்க இறங்கட்டும்னு ரெஸ்ட் மோட்ல போடுறவங்களும் முதல்ல கேமை மூடிட்டே போடுங்க. அதோட Stay Connected to the Internet ஆன்ல இருக்கான்னு பாருங்க. பி.எஸ் 5-ல அது Settings > System > Power Saving > Features Available in Rest Mode-க்குள்ள இருக்கும். அது ஆஃப்ல இருந்தா காலைல எழுந்து பார்க்கும்போது டவுன்லோடு விட்ட இடத்துலயே நிக்கும்.

டிவிக்குப் பின்னாடி நடக்குற கூத்து

வீட்டு ரூட்டர் பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில வைஃபை கொடுக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனா வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா ரெண்டு சுவரைத் தாண்டினாலே களைச்சுப்போயிடும். அப்பார்ட்மென்ட்ல இருக்கிறவங்க போன்ல வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்க, பத்துப் பதினைஞ்சு பேர் தெரியும். 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்கள் 1, 6, 11-னு மூணே மூணுதான். அத்தனை வீடும் அந்த மூணுக்குள்ளதான் அடிச்சுக்கணும்.

உங்க லேப்டாப் தானாவே 5 ஜிகாஹெர்ட்ஸைப் பிடிச்சிருக்கும். கன்சோல் 2.4-ல மாட்டியிருக்கலாம். இங்கே ஒரு முக்கியமான விஷயம். 2013-ல வந்த முதல் பி.எஸ் 4 மாடலுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸே தெரியாது. அதுல இருக்கிறது 2.4 மட்டும்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க கன்சோலோட பின்பக்கம் அல்லது அடியில இருக்கிற மாடல் எண்ணைப் பாருங்க. CUH-10, CUH-11, CUH-12-னு ஆரம்பிச்சா அது அந்தப் பழைய மாடல். எத்தனை ஆயிரம் கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் அதோட வைஃபை 5-க்கு ஏறாது. CUH-2-னு ஆரம்பிக்கிற ஸ்லிம், CUH-7-னு ஆரம்பிக்கிற புரோ, அப்புறம் பி.எஸ் 5, இது எல்லாத்துலயும் 5 இருக்கு.

5 இருந்தும் கன்சோல் 2.4-லயே ஒட்டிக்கிட்டு இருந்தா, ரூட்டர் செட்டிங்ஸ்ல ரெண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பேர் வைங்க. கடைசியில 5G-னு சேர்த்துட்டா குழப்பம் இல்லை. அப்புறம் கன்சோலை அந்தப் பேர்ல மட்டும் இணைங்க. பழைய பேரை கன்சோல்ல இருந்து நீக்கிட்டா திரும்ப அதுக்குத் தாவாது.

ஆனா என்னைக் கேட்டா, இந்த வைஃபை ஆராய்ச்சிக்கு முன்னாடியே ஒரு லேன் கேபிளை மாட்டிப் பார்த்திடலாம். பழைய மாடல்ல இருந்து பி.எஸ் 5 வரைக்கும் எல்லாத்துலயும் ஜிகாபிட் லேன் போர்ட் இருக்கு. டெஸ்ட்டுக்காக அரை மணி நேரம் ஹால்ல கேபிள் கிடந்தா அம்மா திட்டுவாங்க, அவ்ளோதான்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் பிளான். பெட்ரூம்ல ரூட்டர், ஹால்ல பழைய பி.எஸ் 4, நடுவுல ஒரு சுவர். லேப்டாப்ல பெரிய ஃபைல் 90 எம்பிபிஎஸ்ல இறங்குது. கன்சோல்ல 48 ஜிபி கேம். முதல் 10 நிமிஷத்துல இறங்கினது 450 எம்பி, அதாவது 6 எம்பிபிஎஸ். இதே வேகத்துல போனா மொத்தம் 17 மணி 45 நிமிஷம். பின்னாடி ஒரு கிரிக்கெட் கேம் பாதி மேட்ச்ல நிக்குது. அதை மூடிட்டு அளந்தா 1,800 எம்பி, 24 எம்பிபிஎஸ். மொத்த நேரம் நாலரை மணி நேரத்துக்கு இறங்கிடுச்சு. செலவு பூஜ்ஜியம், சேவ் பண்ணாத அந்த மேட்ச் மட்டும்தான் நஷ்டம். ஆனா 24-க்கும் 90-க்கும் நடுவுல இன்னும் பெரிய இடைவெளி இருக்கே? கேபிளை மாட்டி அளந்தா 6,400 எம்பி. 85 எம்பிபிஎஸ். ஒண்ணே கால் மணி நேரத்துல கேம் ரெடி. ஆக, அந்த வீட்ல ரெண்டு பிரச்னை இருந்தது. முதல் பிரச்னை கன்சோல் தானே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு, ரெண்டாவது 2.4 வைஃபை. ஒண்ணை மட்டும் சரிபண்ணிட்டு நின்னிருந்தா, 'இது அவ்ளோதான்போல'ன்னு விட்டிருப்பாங்க.

கேபிள்லயும் ஒரு பொறி இருக்கு. நெட் கனெக்‌ஷனோட வர்ற சில ரூட்டர்கள்ல எல்லா லேன் போர்ட்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு ஜிகாபிட், மத்ததெல்லாம் 100 எம்பிபிஎஸ்னு இருக்கும். 100 பிளான் வரைக்கும் இது தெரியவே தெரியாது. 300 பிளான் போட்டுட்டு கன்சோல் மட்டும் சரியா 90-களிலேயே முட்டி நின்னா, போர்ட்டைத்தான் முதல்ல சந்தேகப்படணும். கேபிளுக்குள்ள இருக்கிற எட்டு கம்பியில ஒண்ணு அறுந்தாலும் இதே நடக்கலாம், இணைப்பு 100-க்கு இறங்கிடலாம். கண்டுபிடிக்க, கன்சோல்ல இருந்து அதே கேபிளைக் கழற்றி லேப்டாப்ல மாட்டுங்க. விண்டோஸ்ல Settings > Network & internet > Ethernet போனா Link speed-னு இருக்கும். 1000 காட்டினா கேபிளும் போர்ட்டும் நலம். 100 காட்டினா போர்ட்டை மாத்திப் பாருங்க, அப்புறம் கேபிளை மாத்திப் பாருங்க.

டி.என்.எஸ் மாத்தினா வேகம் கூடுமா?

'8.8.8.8 போடு, பறக்கும்'னு சொல்லாத கேமர் கிடையாது. டி.என்.எஸ்ஸோட வேலை முகவரி சொல்றது மட்டும்தான். டவுன்லோடு அது வழியா வர்றதில்லை. ஆனா அது சொல்ற முகவரி முக்கியம். கேம் ஃபைல்கள் உலகம் முழுக்கப் பல ஊர்கள்ல நகலெடுத்து வெச்சிருக்கிற சர்வர்கள்ல இருந்து வரும். எந்த ஊர் சர்வருக்கு உங்களை அனுப்புறதுங்கிறது, பல நேரம் உங்க டி.என்.எஸ் எங்கே இருந்து கேட்குதுங்கிறதைப் பொறுத்து முடிவாகும். பக்கத்து ஊரைச் சொன்னா லாபம், கடல் தாண்டின சர்வரைச் சொன்னா நஷ்டம். மேலே போட்ட 80 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

அதனால இது ரெண்டு பக்கமும் வெட்டும். எப்பவோ யாரோ சொன்னாங்கன்னு கன்சோல்ல டி.என்.எஸ் எண்ணை நீங்களே போட்டு மறந்திருந்தா, முதல் வேலையா அதை Automatic-க்கு மாத்தி அளந்து பாருங்க. ஏற்கெனவே ஆட்டோமேட்டிக்ல இருந்து, கேபிள் மாட்டியும் வேகம் வரலைன்னா, அப்போ 8.8.8.8 போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் டவுன்லோடை பாஸ் பண்ணிட்டுத் திரும்பத் தொடங்குங்க, இல்லைன்னா பழைய சர்வரோடயே பேசிக்கிட்டு இருக்கும். 10 நிமிஷக் கணக்குல வித்தியாசம் இல்லைன்னா ஆட்டோமேட்டிக்குக்கே திரும்பிடுங்க.

நேரத்தை வீணாக்குற ஒரு விஷயத்தையும் சொல்லிடுறேன். NAT Type 3-னு காட்டுதேன்னு அதைச் சரிபண்ண ரெண்டு நாள் செலவழிக்கிறவங்க உண்டு. அது பார்ட்டி சாட்டுக்கும், மத்தவங்களோட சேர்ந்து விளையாடுறதுக்கும்தான் இடைஞ்சல். டவுன்லோடு வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அதே மாதிரி, பி.எஸ் 4-ல அப்டேட் இறங்கி முடிஞ்ச பிறகு Copying-னு மணிக்கணக்கா ஓடுறதும் நெட் பிரச்னை இல்லை. பழைய ஃபைலையும் புது ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்ல திரும்ப எழுதிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் தவழுதா?

அப்போ கன்சோலை போன் ஹாட்ஸ்பாட்ல இணைச்சு அதே கேமை இறக்கிப் பாருங்க. தினசரி டேட்டா லிமிட் இருக்கிறவங்க 10 நிமிஷம் வேண்டாம், 2 நிமிஷம் போதும். இறங்கின எம்பியை 75-க்குப் பதிலா 15-ஆல வகுங்க. போன் நெட்ல நல்லா இறங்கி, வீட்டு நெட்ல கேபிள் மாட்டியும் இறங்கலைன்னா, கன்சோல்மேல தப்பில்லை. உங்க நெட் கம்பெனியில இருந்து கேம் சர்வருக்குப் போற பாதையிலதான் நெரிசல்.

அதை உறுதிப்படுத்த ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவையும், காலை 6 மணிக்கு ஒரு தடவையும் அளந்து வைங்க. காலையில 80, ராத்திரி 10-னு வந்தா, ஊரே ஓடிடி பார்க்குற நேரத்துல பாதை அடைச்சுக்குதுன்னு அர்த்தம். தற்காலிகத் தீர்வு, ரெஸ்ட் மோட்ல விடியற்காலை வரைக்கும் இறங்க விடுறது.

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணும்போது 'நெட் ஸ்லோ'ன்னு மட்டும் சொன்னீங்கன்னா, அவங்க ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்வாங்க, 90 வரும், புகாரை மூடிடுவாங்க. பதிலா இப்படிச் சொல்லுங்க: 'ஸ்பீடு டெஸ்ட் சரியா வருது. ஆனா பிளேஸ்டேஷன் சர்வர்ல இருந்து கேபிள்லயே ராத்திரி 9 மணிக்கு 10 எம்பிபிஎஸ்தான் வருது. காலை 6 மணிக்கு 80 வருது. அதே ராத்திரி நேரத்துல மொபைல் நெட்ல 60 வருது.' எழுதி வெச்ச உங்க எண்களை, தேதி, நேரத்தோட அப்படியே படிங்க. முதல்ல போனை எடுக்கிறவருக்கு இது புரியலைன்னா, டெக்னிக்கல் டீமுக்கு மாத்தச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிட்டு வைங்க.